எலும்பு சாரின் நார்மல்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஹெட்போனை மாட்டியபோது மணி நாலா நாலரையா, தெரியாது. வெளியே மழை பெய்ததாக எனக்கு ஒரு நினைவு. வேலையில் என் பக்கத்து நாற்காலிக்காரி, அன்றைக்கு ஒரு துளிகூட விழவில்லை என்று பிறகு ஒருநாள் சொன்னாள். அவள் சொன்னதே சரியாக இருக்கலாம். ஆனால் காதில் கேட்டது எனக்கு மறக்கவில்லை. கேட்காதது எது என்பதும் மறக்கவில்லை. அப்போது என் வேலையே அதுதான்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்கை ஒட்டிய அறை எங்களுடையது. ஜன்னல் கிடையாது. ஆறு மேசை, ஆறு ஹெட்போன், காலடியில் ஆறு பெடல். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் போனில் பேசிப் பதிவு செய்வார்கள். நாங்கள் பெடலை மிதித்து நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு, அவர்கள் கொட்டியதையெல்லாம் பிரித்துக் கட்டங்களில் போடுவோம். என்ன தொந்தரவு என்று வந்தார், எப்போது ஆரம்பித்தது, பழைய நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, பரிசோதனையில் கண்டது, அடுத்து என்ன செய்வது.

டாக்டர்கள் வரிசையாகப் பேசமாட்டார்கள். மாத்திரை எழுதிக்கொண்டே, "ஆங், இவருக்குப் பத்து வருஷம் முன்னாடி குடலிறக்க ஆபரேஷன் ஆச்சு" என்பார்கள். அதைத் தூக்கி அதன் கட்டத்தில் வைக்க வேண்டும். இடம் மாற்றலாம், பொருள் மாற்றக் கூடாது. ஒரு கட்டத்துக்கு அவர்கள் வாயிலிருந்து எதுவுமே வரவில்லை என்றால் "சொல்லப்படவில்லை" என்று போட வேண்டும். "இல்லை" என்று போடக் கூடாது. "இல்லை" என்றால் டாக்டர் கேட்டார், பார்த்தார், இல்லை என்று தெரிந்துகொண்டார் என்று அர்த்தம். "சொல்லப்படவில்லை" என்றால் கேட்டாரா என்பதே யாருக்கும் தெரியாது. அடுத்து வரும் டாக்டர் அதைப் பார்த்தால் தானே கேட்டுக்கொள்வார். "இல்லை" என்று பார்த்தால் தாண்டிப் போய்விடுவார். இவ்வளவுதான் விஷயம். இது புரிய யாருக்கும் பெரிய படிப்புத் தேவையில்லை.

ஆனால் "சொல்லப்படவில்லை" என்று போட்ட கட்டம் திரையில் சிவப்பாக நிற்கும். நிரப்பினால் பச்சை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பச்சை இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எங்கள் பிரிவின் மேலாளர் தினமும் காலையில் அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை மேடம். அவருக்கும் அது தெரியும்.

இனி அந்த நார்மல் கதைக்கு வருகிறேன். இதில் என் கையும் இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நாலு வருடங்களுக்கு முன்னால் அங்கே ஒரு எலும்பு டாக்டர் இருந்தார். எலும்பு சார் என்போம். முதுகுவலி என்று யார் வந்தாலும் தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலைத் தூக்கி, மடக்கி, சுத்தியால் தட்டி, ஊசிமுனையால் தொட்டு, கால் கட்டைவிரலைத் தன் விரலால் அழுத்திப் பிடித்து "தூக்குய்யா பாப்போம்" என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார். சிறுநீர் எப்படிப் போகிறது என்று வெட்கப்படாமல் கேட்பார். தினமும் இருபது பேருக்கு அதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, நான் 'என் நார்மல்'னு சொன்னா இந்தப் பத்தியை அப்படியே போட்டுரு. ஏதாச்சும் மாறியிருந்தா நானே சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "இரு கால்களிலும் பலம் முழுமை. கால் கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் இருபுறமும் சமம். தொடைகளின் உட்புறத்திலும் இருக்கைப் பகுதியிலும் தொடுவுணர்ச்சி குறையவில்லை. சிறுநீர், மலம் கழிப்பதில் சிரமம் இல்லை." அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் வாயில் அந்த இரண்டு சொல் வந்தால் மட்டும் போடுவேன். அது அவர் செய்த வேலையின் சுருக்கம். அவர் வேலையை விட்டுப் போனதும் அந்தப் பத்தியும் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. பச்சை மேடம் ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று, "நல்லா எழுதியிருக்கே, எனக்கும் ஒரு காப்பி அனுப்பு" என்றார். அனுப்பினேன். ஏன், எதற்கு என்று நான் கேட்கவில்லை. பாராட்டியதில் குளிர்ந்துபோனேன் போலிருக்கிறது. அடுத்த மாதம் அது எல்லார் விசைப்பலகையிலும் ஒரு பொத்தானாக வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு தட்டு, நாலு கட்டம் பச்சை.

"ஒத்தைக் கால்காரர் வந்தாக்கூட ரெண்டு கட்டைவிரலும் சமம்னு போயிரும்க்கா" என்று பக்கத்து நாற்காலிக்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பொத்தானை நான் தொட்டதில்லை. அதையே ஒரு பெருமையாக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு வந்தது அவசரப் பிரிவு டாக்டரின் பதிவு. அவரை ரயில் டாக்டர் என்போம். நடந்துகொண்டே பேசுவார், எந்த ஸ்டேஷனிலும் நிற்கமாட்டார். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. நாற்பத்திரண்டு வயது ஆண், சுவருக்கு வண்ணம் அடிப்பவர், காலை பத்து மணிக்கு ஏணியிலிருந்து உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். இடுப்பில் கடும் வலி, இரண்டு காலுக்கும் இறங்குகிறது. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியவில்லை. வலிக்கு ஊசி போட்டாயிற்று. இன்று வார்டில் வைத்திருந்து நாளை அனுப்பலாம். முடிந்தது. நடுவில் யாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள், "வர்றேன், வர்றேன்" என்கிறார். அதையும் நான் கேட்டேன்.

கால் பலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கட்டைவிரல் பற்றி இல்லை. உணர்ச்சி பற்றி இல்லை. சிறுநீர் பற்றி இல்லை. மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன். நாலு கட்டத்திலும் "சொல்லப்படவில்லை" போட்டேன். "இரண்டு காலுக்கும் வலி இறங்குவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், பரிசோதனை விவரம் பதிவில் இல்லை, தயவுசெய்து பார்க்கவும்" என்று டாக்டருக்குக் கேள்விக் குறிப்பு ஒன்றும் வைத்துவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்பினேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு வந்து கேள்விக் குறிப்புக்குப் பதில் வந்திருக்கிறதா என்று திறந்தேன். பதில் இல்லை. கேள்வியே மூடப்பட்டிருந்தது. நாலு கட்டமும் பச்சை. "கால் கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் இருபுறமும் சமம்."

என் வரி. நான் தட்டிய வரி. ரயில் டாக்டர் ஜென்மத்தில் கட்டைவிரல் என்று உச்சரித்து நான் கேட்டதில்லை. யார் மாற்றியது என்ற வரலாற்றைத் திறந்தால், மாலை ஆறு மணி பத்து நிமிடம், பச்சை மேடம். கீழே டாக்டரின் கையொப்பம். அன்று மாலை ஆறு நிமிடத்தில் முப்பத்தெட்டுக் குறிப்புகளுக்கு அவர் ஒப்பம் போட்டிருந்தார். ஒன்றுக்குப் பத்து நொடிகூட இல்லை.

அப்போது என் உடம்பில் ஏறிய சூட்டை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அது பச்சை மேடத்தின் மேல் மட்டும் வந்த கோபம் இல்லை. காப்பி அனுப்பிய விரல்களின் மேலும்தான்.

மேடம் இன்னும் வந்திருக்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி இரண்டாவது மாடிக்குப் போனேன். வார்டு டாக்டர் சின்ன வயதுப் பெண். கையில் டிஸ்சார்ஜ் தாள்கள்.

"பதினாலாம் பெட் பெயிண்டர்தானே? பத்து மணிக்கு அனுப்பிடுவேன். ஏன்?"

"அவரோட நோட்டுல பரிசோதனைன்னு நாலு கட்டம் இருக்குல்ல மேடம், அதை டாக்டர் சொல்லல."

"நோட்டுல தெளிவா இருக்கே. கட்டைவிரல் வரைக்கும் பாத்திருக்கார்."

"அந்த வரி நான் வேற ஒருத்தருக்காக எழுதினது. இவர் சொல்லல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டைப் அடிக்கிறவள் வைத்தியம் சொல்ல வந்துவிட்டாளா என்ற பார்வை. நியாயமான பார்வைதான். "அவருக்கு என்ன நோய்னு சொல்ல நான் வரல" என்றேன். "அவருக்கு எல்லாம் நல்லாவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனா அது உங்களுக்கும் தெரியாது. ரெண்டு நிமிஷம் இதைக் கேளுங்க."

நர்ஸ் மேசைக் கணினியில் பதிவை ஓடவிட்டேன். அவர் நின்றுகொண்டே கேட்டார். "இரண்டு காலுக்கும் இறங்குது" என்ற இடத்தில் தலை நிமிர்ந்தது. பதிவு முடிந்ததும் தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் பதினாலாம் கட்டிலுக்கு நடந்தார். நான் கட்டிலைச் சுற்றிய திரைச்சீலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

"அண்ணே, கடைசியா எப்ப யூரின் போனீங்க?"

பெயிண்டரின் குரல் கேட்கவில்லை. அவர் மனைவியின் குரல்தான் வந்தது. "நேத்து காலையில வீட்டுல போனதுதாங்க. ராத்திரி பூரா சொல்றேன், டாக்டர்கிட்ட கேளுங்கன்னு. ஊசி போட்டா அப்படித்தான் இருக்கும், பேசாம இருங்கறாரு."

"பின்னாடி, உட்கார்ற இடத்துல மரத்த மாதிரி இருக்கா?"

"அதை எப்படிங்க டாக்டரம்மாகிட்ட சொல்றது" என்றார் பெயிண்டர், மிக மெல்ல.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தால் சிறுநீர்ப் பையில் ஏறக்குறைய ஒரு லிட்டர் தேங்கியிருந்தது. குழாய் வைத்தார்கள். அவசரமாக எம்.ஆர்.ஐ. இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி, கீழே போகும் நரம்புக் கொத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. அன்று மதியமே அறுவை சிகிச்சை. முந்தின நாள் சாயங்காலமே யாராவது கேட்டிருந்தால் ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும். அந்த ராத்திரியால் எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் வார்டு டாக்டர். அந்தப் பதிலும் என்னைக் கொதிக்க வைத்தது. சரியான பதில் என்பதால்.

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். பச்சை மேடத்தின் அறையில் ரயில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது.

"நான் பாத்தேம்மா" என்றார். "கால் பலம் பாத்தேன். சொல்ல விட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

பார்த்தாரா, இல்லையா? எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. "சரிங்க சார். இப்ப சொல்லுங்க, தட்டித் தர்றேன். பின்சேர்க்கைன்னு தலைப்பு, இன்னைக்குத் தேதி, இந்த நேரம்."

"இன்னைக்குத் தேதி எதுக்கு?" மேடம் குறுக்கிட்டார். "செவ்வாய்க்கிழமை நோட்டுலதான் ஏற்கெனவே இருக்கே. நீ அந்தக் கேள்விக் குறிப்பை மட்டும் எடுத்துரு. பதிவும் முப்பது நாள்ல தானா அழிஞ்சிரும். எல்லாருக்கும் நல்லது."

"செவ்வாய்க்கிழமை சொன்னது ஒரு நிமிஷம் ஐம்பது செகண்ட் மேடம். அதுல அது இல்ல."

"நீ என்ன, நீதிபதியா?"

"இல்லங்க. டைப்பிஸ்ட். அதான் சொல்றேன். சொன்னதைத்தான் தட்டுவேன்."

மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "ரொம்பப் பேசாதே. நீ சிவப்பா விட்டுட்டு அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிருவே. அதைப் பாத்துட்டு இந்தப் பிரிவே வேணாம், வெளிக் கம்பெனிக்குக் குடுத்துரலாம்னு மேல பேசுறாங்க. ஆறு பேர் பொழப்பு. அதை யாரு தாங்குறது? நான்தான் தினமும் உக்காந்து பச்சை அடிக்கிறேன். உனக்காகவும் சேர்த்து அடிக்கிறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஆறு பேரைக் காப்பாற்றத்தான் அந்தப் பொத்தானை அழுத்தினார். கட்டங்களைத்தான் பார்த்தார். கட்டங்களுக்குப் பின்னால் ஒரு மனுஷன் படுத்துக்கிடக்கிறான் என்பது அவர் கண்ணில் படவே இல்லை. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அந்தப் பத்தி எலும்பு சாரோடது மேடம். அவர் பாத்துட்டுச் சொன்னது. அதை எடுத்து எல்லார் வாயிலயும் திணிச்சீங்க."

"குடுத்தது யாரு?"

"நான்தான்" என்றேன். "அதையும் எழுதித் தர்றேன்."

ரயில் டாக்டர் அன்று பின்சேர்க்கை எதுவும் சொல்லவில்லை. நான் கீழே வந்து, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி நோயாளிப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்றாம் தேதி வந்தால் வீட்டு வாடகை இருந்தது. அன்று அதை அனுப்பவில்லை.

திங்கட்கிழமை பெயிண்டரின் மனைவி எங்கள் அறைக்கே இறங்கி வந்தார். யார் வழி சொன்னார்கள் என்று தெரியாது. கையில் முதல் நாள் குறிப்பின் நகல். நாலு கட்டத்தையும் யாரோ மஞ்சள் மையால் கோடிட்டிருந்தார்கள்.

"இங்கதான் இதை எழுதுறீங்களா?"

பெடல்கள் நின்றன.

"இவரை வேலைக்கு வெச்சிருந்த மேஸ்திரி வந்தாருங்க. இதைக் காட்டி, ஏணியில விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, நஷ்டஈடு தர முடியாதுங்கறாரு. அன்னைக்கு யூரின் எல்லாம் நல்லாப் போச்சுன்னு உங்க வீட்டுக்காரரே சொல்லியிருக்காருல்லங்கறாரு. எங்க வீட்டுக்காரர் இப்ப என்ன சொல்றாரு தெரியுமா?" நகலை என் மேசைமேல் வைத்தார். "'ஒருவேளை நான்தான் அப்படிச் சொன்னேனோ'ங்கறாரு. ராத்திரி பூரா அதையே கேக்குறாரு. பக்கத்துலயே நின்னேன், அந்த டாக்டரு அப்படி எதையும் கேக்கவே இல்ல. எங்க வாயில வராததை யாருங்க எழுதினது? என் புருஷனையே அவர் மேல சந்தேகப்பட வெச்சிட்டீங்களே, நீங்கள்லாம் மனுஷங்கதானா?"

அந்த மனிதருக்கு உடம்பு மரத்தது போதாது என்று, தன் நினைவும் தனதில்லை என்று ஆக்கிவிட்டது என் பத்தி. அச்சடித்த வரிக்கு முன்னால் ஒரு மனுஷனின் நினைவு எம்மாத்திரம்? நல்ல எழுத்தில், தெளிவான வாக்கியத்தில், கட்டைவிரல் வரைக்கும் எழுதப்பட்ட பொய். நானே படித்தாலும் நம்பியிருப்பேன்.

"அவர் சொல்லலம்மா" என்றேன். "டாக்டரும் சொல்லல. பதிவு இருக்கு, நான் கேட்டேன். இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க" என்றார். "நான் சொன்னா நம்பமாட்டேங்கறாரு."

நானும் அவர் கூடவே மாடிக்குப் போனேன். போவதற்கு முன் என் மேசைக்குத் திரும்பி, வெள்ளிக்கிழமை எழுதிவைத்த கடிதத்தை அனுப்பினேன். இந்தத் தடவை யோசிக்கவில்லை.

பெயிண்டர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். "சார், அந்த டாக்டர் பேசினதை நான் முழுசாக் கேட்டேன். நீங்க அப்படிச் சொன்னதா அதுல ஒரு வார்த்தை கிடையாது. அந்த வரி வேற ஒருத்தருக்காக எழுதினது. உங்களது இல்ல."

அவர் சுவரிலிருந்து என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "அப்ப எனக்குக் கிறுக்கு இல்லன்னு சொல்றீங்க" என்றார். அவர் மனைவி அவர் தோளில் பட்டென்று ஒரு அடி வைத்தார்.

குழு ஏழு வாரம் விசாரித்தது. பதிவை மூன்று முறை போட்டுக் கேட்டார்கள். பெயிண்டரின் குறிப்பில் அந்த நாலு கட்டத்தின் மேலும் கோடு போட்டு, "மருத்துவரால் சொல்லப்படாதது, தவறாகச் சேர்க்கப்பட்டது" என்று தேதியோடு திருத்தம் எழுதினார்கள். பழைய வரியை அழிக்கவில்லை; கோட்டுக்குக் கீழே இன்றும் படிக்கலாம். அந்தப் பொத்தானை எல்லார் விசைப்பலகையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அதே பத்தி அதற்குள் இருநூற்றுப் பதினேழு பேரின் குறிப்புகளில் போயிருந்தது. அவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பெயிண்டர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். சிறுநீருக்கு நாளுக்கு நாலு முறை தானே குழாய் போட்டுக்கொள்கிறார். ஏணி ஏற முடியாது; ஒரு பெயிண்ட் கடையில் உட்கார்ந்து வண்ணம் கலந்து கொடுக்கிறார். விபத்துக்கான இழப்பீடு ஒன்றரை வருடம் கழித்து வந்தது. ரயில் டாக்டர் பின்சேர்க்கை எழுதவே இல்லை. எச்சரிக்கையோடு தப்பித்து, அதே அவசரப் பிரிவில்தான் இருக்கிறார். வார்டு டாக்டர் மேல்படிப்புக்குப் போய்விட்டார். பச்சை மேடத்தை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கள் வேலையை அடுத்த வருடம் வெளியே கொடுத்துவிட்டார்கள். அவர் பயந்தது போலவே ஆறு பேருக்கும் வேலை போனது. பக்கத்து நாற்காலிக்காரி என்னோடு பேசுவதில்லை. எலும்பு சாரிடம் இதை நான் சொல்லவில்லை. நான் இப்போது ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன்.